வாட்ஸாப்ல வாற பயணச் செலவ ஒழுங்கான கிளெய்மா எழுதுறது: அடிக்கடி கேக்குற கேள்விகள்

பாளையங்கோட்டைல ஒரு மொத்த வியாபாரக் கடைல கணக்கு பாக்கேன், கடை கடையா ஆர்டர் எடுக்க லைனுக்குப் போற பசங்க பன்னெண்டு பேரு, எல்லாரும் செலவ வாட்ஸாப்ல தான் சொல்லுவாங்க, பாதி பேரு வாய்ஸ்ல. அத நான் கிளெய்ம் தாளா எழுதித்தான் மொதலாளிகிட்ட கையெழுத்துக்கு வைக்கணும். புதுசா இந்த வேலைக்கு வந்த பிள்ளைங்க என்கிட்ட கேட்டதெல்லாம் சேத்து இங்க போட்டிருக்கேன்.

அக்கா, அவன் சொன்னத அப்படியே பிரிண்ட் எடுத்து வச்சா போதாதா?

போதாது, ஏன்னா கையெழுத்துப் போடுறவருக்கு அஞ்சு விஷயம் தெரியணும்: யாரு போனா, எந்தத் தேதி, எங்கருந்து எங்க, எதுக்கு எவ்வளவு, அதுக்கு ரசீது இருக்கா இல்லையா. மெசேஜ்ல இதுல பாதிக்கு மேல இருக்கும், ஆனா கலைஞ்சு கெடக்கும். நம்ம வேலை அத அடுக்குறதும், இல்லாதத அவன்கிட்ட கேட்டு வாங்குறதும் தான். வார்த்தைய மாத்தலாம், வரிசைய மாத்தலாம், "சீக்கிரம் போட்டு விடுங்கக்கா"வ எடுத்துரலாம், ஆனா ரூபாயும் தேதியும் அவன் வாயில இருந்து எப்படி வந்துச்சோ அப்படியே தாளுக்குப் போகணும். தப்புன்னு நமக்குப் பட்டாலும் நாமளா திருத்தக் கூடாது, அவன்கிட்ட கேட்டு அவன் திருத்தணும். கீழ சொல்லுறது எல்லாம் இந்த ஒண்ணுக்குள்ள அடங்குனது தான்.

ஒரு மெசேஜ எடுத்து எப்படி எழுதுவீங்கன்னு காட்டுங்களேன்

இது 20.03.2025 வியாழக்கிழம ராத்திரி ஒரு தம்பி அனுப்புனது:

"அக்கா போன செவ்வா தென்காசி போனேன்லா, பஸ்ஸு 55, அங்கன ஆட்டோ 80, மத்தியானம் சாப்பாடு 120, பொறவு அங்கருந்தே சங்கரன்கோயில் போய்ட்டேன் 40, ராத்திரி திரும்பி வர 60, ஜங்ஷன்ல இருந்து வீட்டுக்கு ஆட்டோ 100, மொத்தம் 475 ஆச்சு, ஆட்டோவுக்கு பில்லு கிடையாது, கொஞ்சம் சீக்கிரம் போட்டு விடுங்க"

நான் மொதல்ல ஒரு கச்சாத் தாள்ல ஒவ்வொரு தொகைக்கும் ஒரு வரி போட்டு எழுதுவேன். 55, 80, 120, 40, 60, 100. கூட்டிப் பாத்தா 455 தான் வருது, அவன் சொன்னது 475. அப்புறம் தேதி, வியாழக்கிழம உக்காந்து "போன செவ்வா"ன்னா 18ஆ 11ஆ? ரெண்டு எடம் இடிக்குது, ரெண்டயும் பென்சில்ல வட்டம் போட்டு வச்சுட்டு ஒரே மெசேஜ்ல கேட்டேன்: "தம்பி, செவ்வான்னா 18ஆம் தேதியா 11ஆம் தேதியா? நீ எழுதுன அயிட்டம் கூட்டுனா 455 வருது, நீ சொன்னது 475, எது விட்டுப் போச்சு?"

பதில் வந்துச்சு: "18 தான் அக்கா. சங்கரன்கோயில் பஸ் ஸ்டாண்டுல இருந்து கடைக்கு ஷேர் ஆட்டோ 20, எழுத விட்டுட்டேன்." பஸ் டிக்கெட்டையும் போட்டோ எடுத்து அனுப்புனான், அதுல 18/03/2025ன்னு தெளிவா இருந்துச்சு. அதுக்கு அப்புறம் தான் நல்ல தாள்ல எழுதுனேன்:

பயணச் செலவுத் தொகை கோருதல்
பெயர்: ............
பயண நாள்: 18.03.2025, செவ்வாய்
பயணம்: திருநெல்வேலி – தென்காசி – சங்கரன்கோவில் – திருநெல்வேலி
நோக்கம்: கடைகளில் ஆர்டர் எடுத்தல்
1. பஸ், திருநெல்வேலி – தென்காசி: ரூ. 55, டிக்கெட் உண்டு
2. ஆட்டோ, தென்காசி ஊருக்குள்: ரூ. 80, ரசீது இல்லை
3. மதிய உணவு, தென்காசி: ரூ. 120, பில் உண்டு
4. பஸ், தென்காசி – சங்கரன்கோவில்: ரூ. 40, டிக்கெட் உண்டு
5. ஷேர் ஆட்டோ, சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்ட் – கடை: ரூ. 20, ரசீது இல்லை
6. பஸ், சங்கரன்கோவில் – திருநெல்வேலி: ரூ. 60, டிக்கெட் உண்டு
7. ஆட்டோ, ஜங்ஷன் – வீடு: ரூ. 100, ரசீது இல்லை
மொத்தம்: ரூ. 475 (நானூற்று எழுபத்தைந்து மட்டும்)
கோரிய நாள்: 20.03.2025

நோக்கமும், எந்தெந்த பில்லு இருக்குங்கறதும் அவன்கிட்ட கேட்டு எழுதுனது, மெசேஜ்ல இல்ல. இல்லாதத நாமளா ஊகிச்சு எழுதக் கூடாது, சாப்பாட்டுக்குப் பில்லு இருந்திருக்கும்னு நெனச்சு "உண்டு"ன்னு போட்டா தாள் பொய் சொல்லும். ஷேர் ஆட்டோவ அஞ்சாவதா போட்டிருக்கேன் பாருங்க, அவன் கடைசியா சொன்னாலும் போன வழிப்படி அது அங்க தான் வரணும். வரிசைய மாத்துனேன், ரூபாய மாத்தல.

கூட்டல் தப்புன்னு கண்ணுக்கே தெரியுதே, நானே 455ன்னு போட்டா என்ன? கூட்டல் கூட்டல் தானே?

மேல உள்ள தம்பி கேஸையே பாருங்க. கூட்டல் தப்பே இல்ல, அயிட்டம் தான் ஒண்ணு கொறஞ்சுச்சு. நான் 455ன்னு போட்டிருந்தா அவன் கையில இருந்து போன இருபது ரூபா அவனுக்கு வராது. சில பேரு இன்னொண்ணு பண்ணுவாங்க, மொத்தம் 475 வரணும்னு தென்காசி ஆட்டோவ 80ல இருந்து 100 ஆக்கிருவாங்க, கணக்கு டாலி ஆகிரும், ஆனா அது நடக்காத செலவு. அடுத்த மாசம் மொதலாளி "தென்காசில ஆட்டோ நூறா? போன தடவ எம்பது தானே"ன்னு கேட்டா அந்தப் பையன் முழிப்பான், அவன் எம்பதுன்னு தானே சொன்னான்.

டோட்டல் இடிச்சா காரணம் பெரும்பாலும் மூணுல ஒண்ணா இருக்கும்: ஒரு அயிட்டம் விட்டிருப்பான், ஒரே அயிட்டத்த ரெண்டு தடவ சேத்திருப்பான், இல்ல நெசமாவே கூட்டுறதுல தப்பு பண்ணியிருப்பான். இதுல எதுன்னு தாளப் பாத்து நமக்குத் தெரியாது, அவனுக்குத் தான் தெரியும். அவன் போன் எடுக்கல, தாள் இன்னிக்கே போயாகணும்னா, அயிட்டம் அவன் சொன்னபடி, மொத்தம் அவன் சொன்னபடி, கீழ ஒரு வரி: "இனங்களின் கூட்டுத்தொகை ரூ. 455, கோரிய மொத்தம் ரூ. 475, விளக்கம் கேட்கப்பட்டுள்ளது." இப்படி எழுதுனா யாரும் நம்மளயும் கேள்வி கேக்க முடியாது அவனயும் கேக்க முடியாது.

ஆபீஸ் ரூல்படி சாப்பாட்டுக்கு நூறு ரூபா தான், அவன் 120 கேக்கான். நான் 100ன்னு எழுதட்டா?

எழுதாதீங்க. கேட்ட தொகை வேற, பாஸ் பண்ண தொகை வேற. தாள்ல ரெண்டுக்கும் தனித்தனி கட்டம் வையுங்க. கேட்ட கட்டத்துல 120, பாஸ் பண்ண கட்டத்த காலியா விட்டுருங்க, அத நிரப்புறது கையெழுத்துப் போடுறவரு வேலை, அவரு 100ன்னு போட்டு பக்கத்துல "ஒரு வேளை உணவு வரம்பு 100"ன்னு எழுதிட்டா முடிஞ்சுது. இப்படி ரெண்டு கட்டம் இல்லாத தாள்ல தான் சண்டையே வரும், "நான் 120 கேட்டேன், நீங்க ஏன் 100ன்னு மாத்துனீங்க"ன்னு அவன் வந்து நிப்பான், நம்மகிட்ட பதில் இருக்காது. அந்த ரூல் அவனுக்குத் தெரியாமலேயும் இருக்கலாம், சொல்லிக் குடுங்க, ஆனா அவன் செலவு பண்ணது 120ங்கறது மாறாது.

பில்லுல 118ன்னு இருந்து அவன் 120ன்னு சொன்னாலும் இதே தான். ரெண்டு ரூபா தானேன்னு வெட்டாதீங்க, கேளுங்க. "ரெண்டு ரூபா சில்லற இல்லன்னு விட்டுட்டேன்"ன்னா 118ன்னு அவனே திருத்திச் சொல்லட்டும், அந்த மெசேஜையும் தாளோட வையுங்க.

"போன செவ்வா", "முந்தா நாளு", "பங்குனி உத்திரத்துக்கு மறுநாளு"ன்னு சொன்னா தேதிய எப்படி எடுக்குறது?

மொதல்ல மெசேஜ் வந்த தேதியப் பாருங்க, அது தான் ஆணி. ஆனா அதுல ஒரு வம்பு இருக்கு, நீங்க மெசேஜ வேற ஒருத்தருக்கு பார்வர்ட் பண்ணுனா புதுத் தேதி தான் தெரியும், பழசு போயிரும். அதனால அவன் அனுப்புன மூல மெசேஜ்ல தேதி தெரியுற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்க.

"முந்தா நாளு"க்கு சந்தேகம் இல்ல, ரெண்டு நாள் பின்னாடி. ஆனா ராத்திரி பன்னெண்டு தாண்டி மெசேஜ் வந்திருந்தா, அவன் இன்னும் தூங்காம முந்துன நாள் கணக்குலயே பேசியிருப்பான், அப்ப கேட்டுக்கணும். கிழமை தான் பெரிய கொழப்பம். வியாழக்கிழம "போன செவ்வா"ன்னா ரெண்டு நாள் முந்தினதுன்னும் சொல்லுவாங்க, போன வாரத்து செவ்வான்னும் சொல்லுவாங்க, எங்க வீட்லயே அம்மா ஒண்ணு சொல்லுவாங்க நான் ஒண்ணு நெனப்பேன். திருவிழா, விசேஷம் வச்சு சொன்னா காலண்டர்ல பாத்து அந்தத் தேதிய அவன்கிட்ட சொல்லி ஆமாவான்னு கேட்டுட்டு எழுதுங்க.

எழுதும்போது நாள் பன்னெண்டோ அதுக்குக் கொறவோ இருந்தா மாசப் பேரு போடுங்க, 5/3ன்னு போடாதீங்க. அத மார்ச் அஞ்சுன்னும் படிக்கலாம் மே மூணுன்னும் படிக்கலாம். எக்ஸெல்ல இது இன்னும் மோசம், கம்ப்யூட்டர் அமெரிக்க செட்டிங்ல இருந்தா 05/03/2025ன்னு அடிச்சத மே 3ன்னு எடுத்துக்கும், சத்தமே இல்லாம. 18/03/2025ன்னு அடிச்சா பதினெட்டாவது மாசம் கிடையாதுல்லா, அதனால அத வெறும் எழுத்தா வச்சுக்கும். கண்டுபிடிக்க லேசான வழி: கட்டத்துல தேதி வலது பக்கம் ஒட்டி நின்னா அது தேதின்னு எடுத்திருக்கு, இடது பக்கம் ஒட்டி நின்னா எழுத்து. ஒரே காலம்ல சிலது இடது சிலது வலதுன்னு நின்னா செட்டிங் தப்பு, வலது பக்கம் நிக்கிறதுல நாளும் மாசமும் மாறிக் கெடக்கும். தேதி A2 கட்டத்துல இருந்தா பக்கத்து கட்டத்துல இத போடுங்க, தேதின்னு எடுத்தது மாசப் பேரோட வந்து நிக்கும், எழுத்தா நிக்கிறது மாறாம அப்படியே வரும், பாத்துக்கலாம்:

```
=TEXT(A2,"dd-mmm-yyyy")
```

ராத்திரி பஸ், ராத்திரி ட்ரெயின்னா எந்தத் தேதி போடணும்?

ஏறுன தேதி, எறங்குன தேதி ரெண்டயும் போடுங்க, ஒண்ண மட்டும் போடாதீங்க. நெல்லை எக்ஸ்பிரஸ்ல இங்கருந்து ராத்திரி ஏறுனா எழும்பூர் போய்ச் சேருறது மறுநாள் காலைல, அதனால "புறப்பட்டது 17.03.2025, சேர்ந்தது 18.03.2025"ன்னு எழுதணும். சாப்பாட்டுச் செலவு எந்த நாளுக்குன்னு பாக்கும்போது இது தேவைப்படும்.

கஷ்டமானது பன்னெண்டு மணி தாண்டி ஏறுறது. பையன் "திங்கக்கிழம ராத்திரி பஸ்ஸு"ன்னு சொல்லுவான், புது பஸ் ஸ்டாண்டுல பன்னெண்டே முக்காலுக்கு ஏறியிருப்பான், டிக்கெட்ல செவ்வாக்கிழம தேதி தான் இருக்கும். அவன் சொல்லுறதும் பொய் இல்ல, டிக்கெட் சொல்லுறதும் பொய் இல்ல. இந்த எடத்துல டிக்கெட்ல உள்ளத போட்டுட்டு, "17ஆம் தேதி நள்ளிரவு கடந்து 12.45 மணிக்கு"ன்னு ஒரு வரி சேத்துருங்க. ட்ரெயின் டிக்கெட்ல இன்னொரு பொறி, புக் பண்ண தேதி, பயணத் தேதி ரெண்டும் இருக்கும், ஜிபே ஸ்க்ரீன்ஷாட்ல பணம் குடுத்த தேதி இருக்கும். பிப்ரவரில புக் பண்ணி மார்ச்ல போயிருப்பான். கிளெய்முக்கு பயணத் தேதி, பணம் குடுத்த தேதிய ரசீது விவரத்துல எழுதிக்கலாம்.

இதுல எனக்கு ஒரு வலி உண்டு. முன்னால வேல பாத்த எடத்துல ஒருத்தர் செலவுல இப்படி நள்ளிரவு பஸ்ஸு ஒண்ணு வந்துச்சு, டிக்கெட்டும் அவரு சொன்னதும் ஒரு நாள் இடிச்சுது, நான் நல்லதுன்னு நெனச்சு கேக்காமலேயே அவரு சொன்ன தேதிய விட்டுட்டு மத்த செலவு எல்லாத்தையும் டிக்கெட் தேதிக்கே நகத்திட்டேன். அந்தத் தேதில அவரு ஆபீஸ் ரிஜிஸ்டர்ல கையெழுத்து போட்டிருக்காரு. ஆபீஸ்ல இருந்துட்டே வெளியூர் செலவு கேட்டாருன்னு ஆயிப் போச்சு, ரெண்டு வாரம் அவரு எல்லார் முன்னாலயும் தலகுனிஞ்சு நடந்தாரு. நான் போய்ச் சொல்லித் தான் சரியாச்சு. அன்னைல இருந்து ஒரு தேதியக் கூட கேக்காம தொடுறது இல்ல.

வாய்ஸ் மெசேஜ்ல ரூபா சரியா கேக்கல, "ரெண்டரை"ன்னு வேற சொல்லுதாங்க

கடைத்தெருப் பேச்சுல "ரெண்டரை"ன்னா 250 ஆகவும் இருக்கும் 2,500 ஆகவும் இருக்கும், "ஒண்ணேகா"ன்னா 125ஓ 1,250ஓ. எதப் பத்திப் பேசுறான்னு வச்சுத் தான் நமக்குப் புரியுது, ஆனா தாள்ல ஊகம் கூடாது. பஸ் சத்தத்துல "அறுவது"ம் "எழுவது"ம் ஒண்ணு போல தான் கேக்கும். இதுக்கு நான் கண்ட வழி, கேட்டத எண்ணுல எழுதி அவனுக்கே திருப்பி அனுப்பிருவேன், "லாட்ஜ் 1,250, ஆட்டோ 70, சரியா?" அவன் ஆமான்னு டைப் பண்ணுன அந்த பதில் தான் நமக்கு ஆதாரம், வாய்ஸ் இல்ல. கடைசி தாள்ல மொத்தத்த எண்ணுலயும் எழுத்துலயும் எழுதணும், ஒரு சைபர் கூடிப் போனா எழுத்து காட்டிக் குடுத்துரும்.

"ஒரு ஐநூறு பக்கம் ஆச்சு"ன்னு சொன்னா அது தொகையே இல்ல. அத 500ன்னு போடுறதும் மாத்தி எழுதுறது தான். உள்ளத சொல்லுன்னு கேளுங்க, ஞாபகம் இல்லன்னா "சுமார்"ங்கற வார்த்தையோடயே எழுதுங்க, பாஸ் பண்ணுறவரு பாத்துக்கிடட்டும்.

பைக்ல போறவங்க பெட்ரோலுக்கு ஒரு தொகை சொல்லுதாங்க, நான் கிலோமீட்டர் கணக்கா மாத்தி எழுதலாமா?

பெட்ரோல் 300ன்னு சொன்னா பெட்ரோல் 300, பங்க் பில்லு இருந்தா அதுல உள்ள தேதியோட. உங்க ஆபீஸ்ல கிலோமீட்டருக்கு இவ்வளவுன்னு ரேட் இருந்தா, மீட்டர் எண் ஆரம்பத்துல எவ்வளவு கடைசில எவ்வளவுன்னு அவன்கிட்ட கேட்டு தனி வரியா எழுதுங்க, 300 வர்ற மாதிரி தூரத்த பின்னாடி இருந்து வகுத்து எழுதாதீங்க. நான் பாத்திருக்கேன், வள்ளியூர் போய்ட்டு வந்ததுக்கு தொகைய ரேட்டால வகுத்து நூத்தி இருவது கிலோமீட்டர்னு போட்டிருந்தாங்க, அந்தத் தூரமே வராது.

வள்ளியூர் லைன்ல இன்னொண்ணு கவனிங்க. பைக்ல போனேன்னு சொல்லி நாங்குநேரி டோலும் சேத்து கேட்டிருந்தா நின்னு பாருங்க, நேஷனல் ஹைவே டோல்ல ரெண்டு சக்கர வண்டிக்குக் காசு கிடையாது. உடனே பொய்ன்னு முடிவு கட்டாதீங்க, அன்னிக்கு மழைன்னு அண்ணாச்சி கார்ல போயிருப்பான், ஃபாஸ்டாக்ல அவரு பேர்ல வெட்டியிருக்கும், இவன் கையில குடுத்திருப்பான். அப்ப வாகனம்ங்கற எடத்துல காருன்னு வரணும், பைக் பெட்ரோல் அந்தத் தேதிக்கு எப்படி வந்துச்சுன்னு கேக்கணும். நாமளே டோல வெட்டிட்டா இந்தக் கேள்வியே எழும்பாது, பெட்ரோல் மட்டும் பாஸ் ஆகிரும்.

அட்வான்ஸ் வாங்குனவன் "300 போக 175 குடுங்க"ன்னு சொல்லுதான், 175க்கு எழுதுனா போதுமா?

மொத்தச் செலவு 475, வாங்குன அட்வான்ஸ் 300, தர வேண்டியது 175, மூணு வரியும் வேணும். 175 மட்டும் எழுதுனா அட்வான்ஸ் கணக்குல அந்த 300 தொங்கிக்கிட்டே கெடக்கும், ஆறு மாசம் கழிச்சு அவன்கிட்டயே திருப்பிக் கேப்பாங்க. அட்வான்ஸ் வாங்குன தேதியும் போடுங்க.

மார்ச் 28 போன செலவ ஏப்ரல் 4 தான் அனுப்புதான். மார்ச் கணக்க முடிச்சாச்சு, தேதிய ஏப்ரல்னு போடச் சொல்லுதாங்க, என்ன பண்ண?

பயண நாள் 28.03.2025, கோரிய நாள் 04.04.2025, ரெண்டும் ரெண்டு கட்டம். ரெண்டாவது கட்டம் இதுக்காகத் தான் இருக்கு. பஸ் டிக்கெட்ல மார்ச் 28ன்னு அச்சடிச்சிருக்கும்போது தாள்ல ஏப்ரல்னு எழுதுனா டிக்கெட் இன்னொரு பயணத்தோடதுன்னு ஆகிரும், மொத்த கிளெய்மும் போயிரும்.

மேல இருக்கவங்களுக்கு வேண்டியது தேதி மாறுறது இல்ல, புத்தகத்துல எங்க எழுதுறதுங்கறது. அதுக்கு ஆடிட்டர்கிட்ட கேட்டா வழி சொல்லுவாரு: மார்ச் 31லயே "தர வேண்டிய பயணச் செலவு"ன்னு ஒரு என்ட்ரி போட்டு வச்சிருந்து ஏப்ரல்ல பணம் குடுக்கும்போது அதக் கழிக்கலாம், இல்ல விட்டுப் போச்சுன்னா ஏப்ரல் வவுச்சர்ல "28.03.2025 பயணத்துக்கானது"ன்னு எழுதி முந்தின வருஷச் செலவா காட்டலாம். ரெண்டுலயும் பணம் குடுக்குற வவுச்சர் தேதி தான் ஏப்ரல், பயணத் தேதி மார்ச்லயே நிக்கும். நான் மார்ச் 25க்கு மேல தெனமும் சாயங்காலம் குரூப்ல போட்டுருவேன், "31ஆம் தேதி வரைக்கும் போன செலவு எல்லாத்தையும் ஒண்ணாந்தேதி காலைல பத்து மணிக்குள்ள அனுப்புங்க, பில்லு பொறவு வந்தாலும் பரவாயில்ல, தொகையும் தேதியும் மட்டும் வரட்டும்"ன்னு. லைன்ல இருக்குற பசங்களுக்கு சிக்னல் கெடைக்காட்டி போன் போட்டு கேட்டு எழுதி, அவங்களுக்கே திருப்பி அனுப்பி, ஆமான்னு வாங்கி வச்சுக்கிடுவேன்.